வரித் தாக்கல் சேவைக்கு விளம்பரத்தில் எதைக் காட்டுவது?

கேள்வி: நான் தனியாக வருமான வரித் தாக்கல் செய்து கொடுக்கும் சேவை நடத்துகிறேன். பொருள் விற்பவர்கள் பொருளைப் படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்குக் காட்ட எதுவுமே இல்லை. கால்குலேட்டர் படம், சிரிக்கும் குடும்பத்தின் படம், ‘நம்பகமான சேவை’ என்ற வாசகம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். விசாரிப்பவர்கள் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எதைத்தான் காட்டுவது?

பதில்:

ஒரே ஒரு ரிட்டர்ன் உங்கள் கைக்கு வந்தது முதல் முடிந்து வெளியே போகும் வரை அதற்கு என்னென்ன நடக்கிறது என்பதைக் காட்டுங்கள். அதிலும் வாடிக்கையாளரின் ஆவணங்களை வரித்துறையின் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கட்டத்தை விரிவாகக் காட்டுங்கள். கடைசியில் அவர் கைக்கு எந்தெந்தத் தாள்கள் போய்ச் சேருகின்றன என்று காட்டுங்கள். ரீஃபண்ட் தொகையைக் காட்டாதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில், எல்லோரும் ஏன் கட்டணத்தையே கேட்கிறார்கள் என்று பார்க்கலாம். ஒரு சட்டையின் தரத்தை வாங்கும்போதே தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். முடிவெட்டுவது நன்றாக இருந்ததா என்பது வெட்டி முடித்ததும் தெரிந்துவிடும். வரித் தாக்கல் அப்படியில்லை. வேலை முடிந்த பிறகும் அது சரியாகச் செய்யப்பட்டதா என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது. தவறு இருந்தால் அது ஓரிரு வருடம் கழித்து நோட்டீஸாக வரலாம், வராமலே போகவும் செய்யலாம். இப்படி வாங்கிய பின்னும் தரத்தை எடைபோட முடியாத சேவைகளைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டியவர்கள் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரு பொருளியலாளர்கள். 1973-ல் வெளிவந்த கட்டுரை அது. மருத்துவம், வாகனப் பழுதுபார்ப்பு, வரி ஆலோசனை எல்லாம் இந்த வகையில் வரும். தரத்தை எடைபோட வழியில்லாதபோது, கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தான் மனிதர்கள் முடிவெடுப்பார்கள். உங்கள் விளம்பரத்தில் கண்ணுக்குத் தெரிவது கட்டணம் ஒன்றுதான், அதனால் அதைக் கேட்கிறார்கள். ‘நம்பகமான’, ‘அனுபவமுள்ள’ போன்ற சொற்களை எல்லா ஆடிட்டரும் போடுவதால் அவற்றை வைத்து யாரையும் யாரிடமிருந்தும் பிரித்தறிய முடியாது. படிகளைக் காட்டும்போது, வாடிக்கையாளர் எதை வைத்து உங்களை எடைபோடலாம் என்ற அளவுகோலை நீங்களே அவர் கையில் கொடுக்கிறீர்கள்.

அந்தப் படிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? 1984-ல் லின் ஷோஸ்டாக் என்பவர் ஒரு சேவையை வரைபடமாக வரையும் முறையை எழுதினார். அவர் வங்கித் துறையில் பணியாற்றியவர். அந்த வரைபடத்தில் குறுக்கே ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு மேலே இருப்பது வாடிக்கையாளர் பார்ப்பது, கீழே இருப்பது அவர் பார்க்காதது. உங்கள் வேலையை ஒரு தாளில் இப்படி வரைந்து பாருங்கள். கோட்டுக்கு மேலே இரண்டே விஷயம்தான் இருக்கும்: அவர் ஆவணங்களை அனுப்பினார், சில நாள் கழித்து நீங்கள் ஒப்புகைச் சீட்டை அனுப்பினீர்கள். உங்கள் திறமை முழுவதும் கோட்டுக்குக் கீழே கிடக்கிறது. ஆவணங்களைப் படித்தது, விடுபட்டதைக் கேட்டு வாங்கியது, வரித்துறைப் பதிவோடு ஒப்பிட்டது, எந்தப் படிவம், எந்தச் சலுகை என்று தீர்மானித்தது, வரைவு போட்டது, சமர்ப்பித்த பிறகும் வரித்துறையின் முடிவு வரும்வரை கவனித்தது என எல்லாமே அங்கேதான் இருக்கிறது. இதில் எதைக் கோட்டுக்கு மேலே தூக்குவது என்பதுதான் விளம்பரத்துக்கான முடிவு.

எல்லாவற்றையும் தூக்க வேண்டாம். பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பன்னிரண்டு படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னப் படம் என்று போட்டால், ‘வேலை பெரிய சிக்கல் போலிருக்கிறது’ என்ற பயம்தான் மிஞ்சும். ஐந்து படிகள் போதும்: ஆவணங்கள் வாங்குதல், ஒப்பிடுதல், வரைவு காட்டுதல், வாடிக்கையாளரின் சம்மதத்தோடு சமர்ப்பித்தல், முடிவு வரும்வரை கவனித்தல். ஒவ்வொரு படியிலும் மூன்று விஷயம் சொல்லுங்கள். வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும், நீங்கள் என்ன செய்வீர்கள், அந்தப் படி முடியும்போது அவர் கைக்கு என்ன வரும். மூன்றாவதைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் சேவைக்கு உருவம் கொடுப்பதே அதுதான். ஆவணப் படி முடிந்தால் ‘வந்தவை, இன்னும் வர வேண்டியவை’ என்ற ஒரு பக்கப் பட்டியல். ஒப்பிடும் படி முடிந்தால் வித்தியாசங்களின் பட்டியல். வரைவுப் படி முடிந்தால் வரி எப்படி வந்தது என்று விளக்கும் கணக்கீட்டுத் தாள். சமர்ப்பித்ததும் ஒப்புகைச் சீட்டு. இவற்றை இதுவரை வாடிக்கையாளருக்குக் கொடுக்கவில்லை என்றால், கொடுக்க ஆரம்பித்த பிறகு விளம்பரம் செய்யுங்கள். விளம்பரத்தில் இருப்பது நிஜத்தில் இல்லாவிட்டால் முதல் வாடிக்கையாளரே கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது ஒப்பிடும் படிக்கு வருகிறேன். முன்பே ஆவணமாகப் பதிவான வருமானத்தை வரித்துறை ஏற்கெனவே அறிந்திருக்கும். சம்பளம் கொடுத்தவர், வட்டி கொடுத்த வங்கி ஆகியோர் தனியே தகவல் அனுப்பிவிடுகிறார்கள். ரிட்டர்னில் இருப்பதும் அந்தத் தகவலும் பொருந்தாதபோதுதான் பெரும்பாலான சாதாரண நோட்டீஸ்கள் வருகின்றன. நீங்கள் காப்பாற்றுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். படிவத்தில் எண்களைத் தட்டுவது யாரும் செய்யக்கூடிய வேலை. அதனால் இதை ஒரு முழு உதாரணமாகக் காட்டுங்கள். கற்பனை ஆள், கற்பனை எண்கள், ஆனால் நிஜமான தர்க்கம். ஒரு மாதிரி சொல்கிறேன், உங்கள் நாட்டு விதிகளுக்கும் விகிதங்களுக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவர் வருடத்தின் நடுவில் வேலை மாறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய நிறுவனத்தில் 4 லட்சம், புதிய நிறுவனத்தில் 4 லட்சம் சம்பளம். முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 10 சதவீதம் என்று எளிமையாக எடுத்துக்கொள்வோம். பழைய வேலையின் விவரத்தை அவர் புதிய இடத்தில் சொல்லவில்லை. ஆகவே இரண்டு நிறுவனங்களும் தாங்கள் கொடுத்த 4 லட்சத்திலிருந்து 3 லட்சம் விலக்கைக் கழித்து, மீதி 1 லட்சத்துக்கு ஆளுக்கு 10,000 பிடித்தன. மொத்தப் பிடித்தம் 20,000. அவரைப் பொறுத்தவரை வரி முழுவதும் கட்டியாகிவிட்டது. ஆனால் விலக்கு வருடத்துக்கு ஒருமுறைதான். மொத்தம் 8 லட்சத்தில் 3 லட்சம் போக 5 லட்சத்துக்கு வரி 50,000. கூடவே அவர் மறந்துபோன வங்கி வட்டி 20,000 வரித்துறைப் பதிவில் இருக்கிறது, அதற்கு 2,000. ஆக, கட்ட வேண்டியது 52,000. பிடித்தது 20,000. பாக்கி 32,000.

இதை அப்படியே மூன்று படங்களாகப் போடலாம். முதல் படத்தில் அவர் அனுப்பிய இரண்டு சம்பளச் சான்றிதழ்கள், ஒவ்வொன்றிலும் வரிப் பிடித்தம் முடிந்துவிட்டதாகக் காட்டும் வாசகம். இரண்டாவதில் இடது பக்கம் ‘நீங்கள் கொடுத்தது’, வலது பக்கம் ‘வரித்துறையிடம் இருப்பது’ என்று இரண்டு பத்திகள், பொருந்தாத இரண்டு இடங்களில் வட்டம்: இரண்டு முறை கழிக்கப்பட்ட விலக்கு, விடுபட்ட வட்டி. மூன்றாவதில் முடிவு: ‘பாக்கி 32,000. கெடுவுக்கு முன் கட்டப்பட்டது. ரிட்டர்னும் வரித்துறைப் பதிவும் பொருந்துகின்றன.’ படத்துக்குக் கீழே இது மாதிரி உதாரணம் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். இதைப் பார்க்கும் ஒருவர், அதே வருடம் வேலை மாறியவர் என்றால், உங்களை விலை கேட்டு அழைக்க மாட்டார். ‘எனக்கும் இதே மாதிரிதான், என்ன அனுப்பணும்?’ என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் பேச்சு கட்டணத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

வேண்டுமென்றேதான் பணம் திரும்பக் கிடைக்காத, கூடுதலாகக் கட்ட வேண்டிய உதாரணத்தை எடுத்தேன். ரீஃபண்டைக் காட்டுவது வரித் தாக்கல் விளம்பரங்களில் மிகப் பரவலான பழக்கம், எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத பழக்கமும்கூட. ரீஃபண்ட் என்பது அதிகமாகப் பிடித்த வரி திரும்பி வருவது. ஒருவருக்குப் பெரிய தொகை வந்தது என்றால் அவருடைய பிடித்தம் அதிகமாக இருந்தது என்பதுதான் முதன்மையான காரணம். தாக்கல் செய்தவரின் திறமையை அது அளப்பதில்லை. விடுபட்ட ஒரு சலுகையை நீங்கள் கண்டுபிடித்துக் கூடுதலாக வாங்கித் தந்திருக்கலாம், அது நிஜமான பயன். அதைக் காட்டுவதென்றால் தொகையைப் பெரிதாகப் போடாமல், எந்தச் சலுகை எதனால் விடுபட்டது, எந்த ஆவணத்தை வைத்துச் சேர்த்தீர்கள் என்று காட்டுங்கள். வெறும் தொகையைக் காட்டினால் இரண்டு தீங்கு. ஒன்று, அதைப் பார்த்து வருகிறவர்கள் ‘எனக்கு எவ்வளவு வாங்கித் தருவீர்கள்?’ என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். பொய்ச் சலுகை போடச் சொல்லி அழுத்தம் கொடுப்பவர்களும் பெரும்பாலும் இவர்கள்தான். இரண்டு, அடுத்த வருடம் அதே ஆளுக்கு ரீஃபண்ட் குறைந்தால், உங்கள் வேலை குறைந்துவிட்டதாக நினைப்பார்.

சரி, அப்படியென்றால் எதை விளைவாகக் காட்டுவது? உங்கள் கட்டுப்பாட்டில் இருப்பதை, எண்ணக்கூடிய விதத்தில். சென்ற ஆண்டு மொத்தம் எத்தனை ரிட்டர்ன் செய்தீர்கள், அதில் எத்தனை கெடுவுக்கு முன் சமர்ப்பிக்கப்பட்டன. கடைசி ஆவணம் கைக்கு வந்ததிலிருந்து வரைவு போக சராசரியாக எத்தனை நாள். எத்தனை பேருடைய ஆவணங்களில் வரித்துறைப் பதிவோடு வித்தியாசம் இருந்தது. எத்தனை பேருக்குப் பின்னர் நோட்டீஸ் வந்தது, அதற்கு என்ன செய்தீர்கள். கடைசி எண்ணைப் போட எல்லோரும் தயங்குவார்கள். ஆனால் நோட்டீஸ் என்பது எப்போதும் தவறால் வருவதில்லை. கூடுதல் ஆவணம் கேட்டும் வரும், குலுக்கல் போலத் தேர்ந்தெடுக்கும் பரிசோதனையிலும் வரும். ‘இத்தனை பேருக்கு வந்தது, எல்லாவற்றுக்கும் நாங்களே பதில் எழுதினோம்’ என்பது ‘நோட்டீஸே வராது’ என்ற வாக்குறுதியைவிட நம்பும்படி இருக்கும். வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. எந்தச் சதவீதத்தைப் போட்டாலும் அது எத்தனை பேரில் என்று மொத்தத்தையும் சேர்த்தே போடுங்கள். இந்த எண்கள் உங்களிடம் இல்லையென்றால் இந்த ஆண்டிலிருந்து ஒரு சாதாரண விரிதாளில் குறிக்கத் தொடங்குங்கள்: கடைசி ஆவணம் வந்த தேதி, வரைவு போன தேதி, சமர்ப்பித்த தேதி, வித்தியாசம் இருந்ததா, நோட்டீஸ் வந்ததா. ஐந்து பத்திகள்தான். அடுத்த சீசனுக்கு அதுவே விளம்பரத்துக்கான சரக்கு.

கால அளவைச் சொல்லும்போது மட்டும் கவனம். சமர்ப்பிக்கும் வரை உள்ள நாட்கள் உங்களுடையவை. அதற்குப் பிறகு வரித்துறை எப்போது பரிசீலிக்கும், பணம் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. படிகளை வரையும்போது அந்த இடத்தில் நிறத்தையே மாற்றிவிடுங்கள். ‘இதுவரை எங்கள் வேலை, இதற்குப் பின் வரித்துறையின் வேலை, நாங்கள் நிலவரம் பார்த்துச் சொல்வோம்’ என்று எழுதுங்கள். ரீஃபண்ட் தாமதத்துக்காக வரும் கோபமான அழைப்புகளில் கணிசமானவை இந்த ஒரு வாசகத்தால் குறையும். உங்கள் நாட்கள் ‘கடைசி ஆவணம் வந்ததிலிருந்து’ தொடங்குகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘ஐந்து நாளில் முடியும்’ என்று மட்டும் போட்டால், பாதி ஆவணம் அனுப்பிவிட்டு ஐந்தாம் நாள் கேட்பார்கள்.

வேலையைக் கண்ணுக்குக் காட்டுவது மதிப்பைக் கூட்டும் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது, அதன் எல்லையும் அந்த ஆய்விலேயே இருக்கிறது. ரயன் பியூவெல், மைக்கேல் நார்ட்டன் இருவரும் 2011-ல் வெளியிட்டது. பயணச் சீட்டு தேடும் ஒரு மாதிரித் தளத்தில், எந்தெந்த விமான நிறுவனங்களில் தேடிக்கொண்டிருக்கிறது என்று திரையில் காட்டியபோது, காத்திருக்க நேர்ந்தாலும் மக்கள் அந்தச் சேவையை உயர்வாக மதித்தார்கள். ஆனால் விளைவு மோசமாக இருந்தால் உழைப்பைக் காட்டுவது கைகொடுக்கவில்லை. இவ்வளவு செய்தும் இதுதானா என்ற எண்ணம் வந்துவிடுகிறது. உங்களுக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. 32,000 கூடுதலாகக் கட்ட வேண்டியவருக்கு ‘எட்டு மணி நேரம் உழைத்தோம்’ என்று காட்டிப் பயனில்லை. அந்தத் தொகை எதனால் வந்தது, இப்போது கட்டாமல் விட்டிருந்தால் வட்டியும் அபராதமும் எப்படிச் சேரும் என்ற ஒப்பீட்டைக் காட்டினால்தான் அது அவருக்கு நல்ல விளைவாகத் தெரியும். உழைப்பைப் போலியாகக் காட்டும் ஆசையும் வரும். நொடியில் முடியும் வேலைக்கு ஓடும் பட்டையைப் போட்டுக் காத்திருக்க வைப்பது போன்றவை. வரி விஷயத்தில் அதைத் தொடவே வேண்டாம். ஒருமுறை பிடிபட்டால் கணக்கீட்டுத் தாளையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

இன்னொரு ஆபத்து மாதிரி ஆவணங்களில் இருக்கிறது. நிஜ வாடிக்கையாளரின் ரிட்டர்னை எடுத்து, பெயரையும் எண்ணையும் மங்கலாக்கிப் போடுகிறார்கள். செய்யாதீர்கள். மங்கலாக்கிய எழுத்துகளைப் பல நேரம் மீட்டெடுக்க முடியும். கோப்பில் கறுப்புப் பெட்டி வைத்து மறைத்தால், அடியில் எழுத்து அப்படியே இருந்து, நகலெடுத்து ஒட்டினாலே வெளிப்படும். பெயரே இல்லாவிட்டாலும் சம்பளத் தொகை, நிறுவனம், ஊர் மூன்றும் சேர்ந்தால் தெரிந்தவர்களுக்கு ஆள் யாரென்று புரிந்துவிடும். வாடிக்கையாளர் சம்மதித்தால்கூட, பார்க்கிறவர் மனதில் ‘நாளை என்னுடையதையும் போடுவார்’ என்றுதான் பதியும். காலிப் படிவத்தில் கற்பனை எண்களை நீங்களே நிரப்பி ஒரு மாதிரித் தொகுப்பு செய்து வைத்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை, பல ஆண்டு பயன்படும். அப்புறம், நீங்கள் பட்டயக் கணக்காளர் என்றால் உங்கள் தொழில் அமைப்பின் விளம்பர விதிகளை முதலில் படியுங்கள். சில நாடுகளில் வாடிக்கையாளர் தேடி விளம்பரம் செய்வதற்கே கடுமையான கட்டுப்பாடு உண்டு. அங்கெல்லாம் படிகளை விளக்கும் எழுத்தை உங்கள் சொந்தத் தளத்தில் எந்த அளவுக்கு வைக்கலாம் என்பதையும் விதியைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

விளம்பரத்தில் காட்டிய ஐந்து படிகளின் பெயர்களையே வேலை நடக்கும்போது அனுப்பும் செய்திகளிலும் பயன்படுத்துங்கள். ‘படி 2 முடிந்தது: ஒப்பிட்டுப் பார்த்தோம், இரண்டு வித்தியாசம், பட்டியல் இணைப்பில்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். இந்தச் செய்தி போனால் ‘என் வேலை எந்த நிலையில் இருக்கிறது?’ என்ற அழைப்பு குறையும். அதைவிட முக்கியமானது, அவர் இன்னொருவரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போது ‘நல்லா பண்ணாங்க’ என்று மட்டும் சொல்லாமல், ‘வங்கி வட்டி விட்டுப்போனதைக் கண்டுபிடிச்சு சொன்னாங்க’ என்று குறிப்பாகச் சொல்வார். சேவைக்கு வாய்மொழிப் பரிந்துரை வேலை செய்வது இப்படிக் குறிப்பான ஒரு விஷயம் இருக்கும்போதுதான்.

பலன் தருகிறதா என்பதை விருப்பக்குறிகளின் எண்ணிக்கையை வைத்துப் பார்க்காதீர்கள். வரும் முதல் கேள்வியைக் குறித்து வையுங்கள். கட்டணம், ரீஃபண்ட் பற்றிய கேள்விகள் குறைந்து, ஆவணம், தங்கள் சூழ்நிலை பற்றிய கேள்விகள் கூடினால் விளம்பரம் சரியான ஆட்களிடம் போகிறது. இரண்டாவது அடையாளம், முதல் தடவையிலேயே முழு ஆவணங்களோடு வருகிறவர்கள் கூடுவது. இரண்டும் மாறாமல் அழைப்புகள் மட்டும் குறைந்தால், படிகள் பயமுறுத்துகின்றன என்று அர்த்தம். அப்போது முதலில் சுருக்க வேண்டியது வாடிக்கையாளர் செய்ய வேண்டியவற்றின் பட்டியல். உங்கள் வேலைகளின் பட்டியலில் கைவைக்க வேண்டாம்.

நேரத்தையும் கவனித்துப் போடுங்கள். வேலை மாறியவர் உதாரணத்தைக் கெடுவுக்கு இரண்டு மாதம் முன்பே போடுங்கள், அவர்களுக்குப் பழைய நிறுவனத்திலிருந்து சான்றிதழ் வாங்க நேரம் வேண்டும். ஆவணப் பட்டியலை ஒரு மாதம் முன்பு. கடைசி பத்து நாளில் புதிய ஆட்களை இழுக்கும் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, ‘இந்தத் தேதிக்குப் பிறகு வரும் ஆவணங்களை ஒப்பிட்டுப் பார்க்க நேரம் இருக்காது, அதனால் ஏற்பதில்லை’ என்று தேதியோடு போடுங்கள். ஒப்பிடும் படியைத் தவிர்த்து எந்த ரிட்டர்னையும் அனுப்ப மாட்டீர்கள் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட வேறு வழி எனக்குத் தெரியவில்லை.